பல தடச் சாலையில் இடப்பக்கமே வீடு: கூலாய் வழியாக ஓட்டுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கூலாய் பட்டணத்தின் நடுவே முதலாம் எண் கூட்டரசு சாலை செல்கிறது. செனாய், ஸ்கூடாய் தாண்டி ஜொகூர் பாரு வரைக்கும் இதே சாலைதான். விடியலில் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும் மோட்டார்கள், தொழிற்சாலைப் பேருந்துகள், தோட்டத்திலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லோரிகள், பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகும் கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இதில் இறங்குகின்றன. தோட்டச் செம்மண் பாதையில் ஓட்டிப் பழகியவருக்குத் தடம் என்ற எண்ணமே புதிது. அங்கே எதிரில் ஒரு வண்டி வந்தால் ஒதுங்கினால் போதும். இங்கே பக்கத்திலும் பின்னாலும் ஒரே திசையில் பத்து வண்டிகள் ஓடுகின்றன.

வாகனமோட்டும் பயிற்சி கொடுக்கும்போது என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "அண்ணே, இடது பக்கமே போனா லோரிக்குப் பின்னாலேயே மாட்டிக்குவேனே?" நியாயமான கேள்வி. அதற்கு முழுப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் இதில் சில விஷயங்கள் உண்டு. ஏனென்றால் தடம் மாறுவதை யாரும் நமக்கு நிதானமாகச் சொல்லித் தந்ததில்லை.

எந்தத் தடம் எதற்கு

மலேசியாவில் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே இடக்கோடித் தடம்தான் எல்லாருக்கும் உரிய தடம். வலப்பக்கத் தடம் முந்துவதற்கும், வலப்பக்கம் திரும்புவதற்கும், யூ-டர்ன் எடுப்பதற்கும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் "இக்கூட் கிரி கெசுவாலி மெமோதோங்" என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முந்தினால் ஒழிய இடப்பக்கம் போ என்பதே அதன் பொருள். பட்டணச் சாலைக்கும் அடிப்படை அதுவே.

ஆனால் பட்டணத்தில் ஒரு சிக்கல் உண்டு. இடத் தடத்தில் பேருந்து நிற்கும், கடை வாசலில் கார் நிறுத்தியிருக்கும், தாமானிலிருந்து மோட்டார் திடீரென்று வெளியே வரும். அடுத்த சந்திப்பில் அந்தத் தடமே இடப்பக்கம் மட்டும் திரும்பும் தடமாக மாறியும் போகலாம். அதனால் நான் சொல்லும் விதி இது: தடத்தை உங்கள் வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், நீங்கள் எங்கே திரும்ப வேண்டும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். அடுத்த ஒரு கிலோமீட்டருக்குள் வலப்பக்கம் திரும்பப் போவதில்லை என்றால் இடது. மூன்று தடம் இருந்து, இடது தடத்தில் தொடர்ந்து நிறுத்தல்களும் திருப்பங்களும் இருந்தால் நடுத்தடம். வலப்பக்கம் திரும்பப் போகிறவருக்கும், இப்போதுதான் ஒரு வண்டியை முந்திக்கொண்டிருப்பவருக்கும் வலது தடம். முந்தி முடிந்ததும் இடப்பக்கம் திரும்பி வந்துவிட வேண்டும்.

சாலைத் தரையில் வரைந்திருக்கும் அம்புக்குறிகளைத் தூரத்திலேயே படித்துவிடுங்கள். முன்னால் வண்டிகள் நெருக்கமாக இருந்தால் அம்பு மறைந்துவிடும். அப்போது தலைக்கு மேல் இருக்கும் பச்சைப் பலகையைப் பாருங்கள். சந்திப்பை நெருங்கியபின் தடம் தேட ஆரம்பிப்பவர்தான் கடைசி நொடியில் குறுக்கே வெட்டுகிறார்.

இன்னொன்று: சாலை ஓரத்தில் கோட்டுக்கு வெளியே இருக்கும் அவசரப் பாதையைச் சிலர் நான்காவது தடமாக நினைத்து ஓட்டுகிறார்கள். அது தடமே அல்ல. பழுதான வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் உரிய இடம். காரை அங்கே ஓட்டுவது குற்றம்.

கோடுகளைப் படிப்பது

விட்டுவிட்டு வரும் வெள்ளைக் கோட்டைத் தாண்டித் தடம் மாறலாம். தொடர்ந்து வரும் வெள்ளைக் கோட்டைத் தாண்டக் கூடாது. சமிக்ஞை விளக்குக்கு முன்னால் விட்டுவிட்டு வந்த கோடு தொடர் கோடாக மாறும். அந்த இடம் வருவதற்குள் நீங்கள் உங்கள் தடத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் செய்தி. இரட்டைக் கோட்டை எந்த நிலையிலும் தாண்டக் கூடாது. சந்திப்பின் நடுவில் இருக்கும் மஞ்சள் பெட்டிக்குள், அந்தப் பக்கம் இடம் இருந்தால் மட்டும் நுழையுங்கள்.

ஒரு தடம் மாறுவது: உண்மையில் எவ்வளவு தூரம் ஆகும்

இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடுகிறது. தடம் மாறுவதற்கு வேண்டிய வேலைகளை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

1. முதலில் நடுக் கண்ணாடி, பிறகு மாறப்போகும் பக்கத்துக் கண்ணாடி. பின்னால் வரும் வண்டி அதே அளவில் தெரிகிறதா, பெரிதாகிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள். பெரிதாகிறது என்றால் அது உங்களைவிட வேகமாக வருகிறது. விட்டுவிடுங்கள்.
2. சிக்னல் போடுங்கள். போட்டு மூன்று நொடி அதே தடத்தில் இருங்கள். அந்த மூன்று நொடியில் 50 மீட்டர் போயிருப்பீர்கள். சிக்னல் என்பது மற்றவருக்குத் தரும் அறிவிப்பு. ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே சிக்னல் போட்டால் அறிவிப்பு கிடைக்கும் முன்னமே நீங்கள் அங்கே வந்துவிடுகிறீர்கள்.
3. தோளுக்கு மேலாக ஒரு பார்வை. கண்ணாடியில் தெரியாத மூலையில் ஒரு மோட்டார் முழுதாக மறைந்து நிற்கும். நம் ஊர்ச் சாலையில் இந்த ஒரு பார்வையை விட்டுவிடவே கூடாது.
4. பிரேக்கைத் தொடாமல், வேகத்தைக் குறைக்காமல், மூன்று நான்கு நொடி எடுத்துச் சாய்வாக நகருங்கள்.
5. சிக்னலை அணைத்துவிட்டு, புதிய தடத்தில் குறைந்தது ஐந்து நொடி நேராக ஓடுங்கள். அடுத்த தடம் போக வேண்டுமென்றால் மறுபடியும் முதல் படியிலிருந்து.

முதல் நான்கு படிகளையும் கூட்டிப் பார்த்தால் ஒரு தடம் மாற சுமார் பத்து நொடி, அதாவது 170 மீட்டர். இடையில் ஐந்து நொடி நேராக ஓடுவதையும் சேர்த்தால் இரண்டு தடம் மாற சுமார் 420 மீட்டர். நெரிசலில் இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால் இதைவிடக் கூடும். ஒரே மூச்சில் இரண்டு தடம் வெட்டுகிறவர் இந்த வேலை முழுவதையும் இரண்டு நொடியில் செய்வதாக நினைக்கிறார். அவர் உண்மையில் செய்வது முதல் மூன்று படிகளையும் விட்டுவிடுவதைத்தான்.

ஒரு பயணத்தை அப்படியே ஓட்டிப் பார்ப்போம்

தாமானிலிருந்து இடப்பக்கம் திரும்பிப் பிரதான சாலைக்கு வருகிறீர்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று தடம். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு சமிக்ஞை விளக்கு. அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

வெளியே வந்ததும் இடத் தடத்தில் மட்டும் நுழையுங்கள். பலர் வளைவிலேயே நடுத்தடம் வரை அகலமாக எடுத்துவிடுகிறார்கள். நடுத்தடத்தில் வருகிறவர் உங்களை இடத் தடத்துக்குப் போகிறவராகவே எடுத்துக்கொண்டிருப்பார். முதல் 200, 250 மீட்டர் இடத் தடத்தில் ஓடி, சாலையின் வேகத்துக்கு வாருங்கள். மெதுவாக ஓடும் வண்டி வேகமான தடத்துக்குள் நுழைவதே ஆபத்து. பிறகு முதல் மாற்றம். 420 மீட்டர் வாக்கில் நடுத்தடத்தில் இருப்பீர்கள். அங்கே 550 வரை நேராக ஓடுங்கள். இரண்டாவது மாற்றம் முடியும்போது ஏறக்குறைய 720 மீட்டர். இன்னும் 280 மீட்டர் கையில் இருக்கிறது. வலப்பக்கம் திரும்பும் தனித் தடம் பிரியும் இடத்தை நிதானமாகப் பார்த்து, தொடர் கோடு தொடங்கும் முன் அதில் சேர்ந்துவிடலாம்.

இடைவெளியே கிடைக்கவில்லை, வரிசை நீளமாக நிற்கிறது என்றால் என்ன செய்வது? நேராகப் போய்விடுங்கள். அடுத்த யூ-டர்னில் திரும்பி வந்தால் நான்கைந்து நிமிடம் கூடும், அவ்வளவுதான். வரிசையின் முன்னால் மூக்கை நுழைப்பதற்கும் இங்கே சம்மன் உண்டு. சம்மனுக்குக் கழிவு கொடுக்கும் காலங்களில் வரிசை வெட்டுதல், இரட்டைக் கோட்டில் முந்துதல், அவசரப் பாதையில் ஓட்டுதல் போன்றவற்றை அந்தச் சலுகையிலிருந்து வழக்கமாக விலக்கியே வைத்திருக்கிறார்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு முடிவும் கிடைக்கும். தாமான் வாசலிலிருந்து விளக்கு 300 மீட்டரில் இருந்தால், மூன்று தடச் சாலையில் இடத்திலிருந்து வலக்கோடிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர முடியாது. அந்த வீட்டுக்காரர் தினமும் இடப்பக்கமாகப் போய் யூ-டர்ன் எடுக்கும் வழியைப் பழகிக்கொள்வதுதான் சரி.

எங்கே இடிக்கிறது

தடம் தாவுகிறவர்களால் வரும் மோதல்களில் ஒரு வகை எனக்கு மிகவும் கவலை தருவது. நடுத்தடத்தில் ஒரு காலியிடம். இடத் தடத்தில் லோரிக்குப் பின்னால் பொறுமையிழந்த ஒருவர், வலத் தடத்தில் மெதுவாகப் போகும் காருக்குப் பின்னால் பொறுமையிழந்த இன்னொருவர். இருவரும் ஒரே நொடியில் அதே இடத்தைப் பார்க்கிறார்கள். இருவருக்கும் தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை. எனவே இருவருமே நடுவில் புகுந்து பக்கவாட்டில் உரசிக்கொள்கிறார்கள்.

இதைத் தவிர்க்க, நடுத்தடத்துக்குப் போகுமுன் அதற்கு அடுத்த தடத்தையும் பாருங்கள். அங்கே ஒரு கார் முன் வண்டிக்கு மிக நெருக்கமாக ஒட்டி, கோட்டின் பக்கம் சாய்ந்து ஓடுகிறதா? அதன் முன் சக்கரம் கோட்டை நோக்கி நகர்கிறதா? சிக்னல் இல்லாவிட்டாலும் அது வரப்போகிறது. ஒரு வண்டியின் நோக்கத்தை விளக்கைவிடச் சக்கரம் முன்னதாகச் சொல்லிவிடும்.

இரண்டாவது, லோரிக்கு முன்னால் வெட்டி நுழைவது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நிற்க, ஓட்டுநர் உணர்ந்து பிரேக்கை மிதிக்க எடுக்கும் ஒன்றரை நொடியையும் சேர்த்து, உலர்ந்த சாலையில் சுமார் 45 மீட்டர் தேவை. ஈரச் சாலையில் 60 மீட்டரைத் தொடும். குலை நிரம்பிய லோரிக்கு இன்னும் அதிகம். லோரிக்காரர் தனக்கு முன்னால் விட்டு வைத்திருக்கும் இடைவெளி அவர் நிற்பதற்கு வேண்டிய இடம். நம் கண்ணுக்கு அது காலியிடமாகத் தெரிகிறது. அதில் நுழைந்து நாம் பிரேக் போட்டால் அவருக்கு வேறு வழியே இல்லை. லோரியை முந்திய பின், உங்கள் நடுக் கண்ணாடியில் அதன் முகப்பு முழுதும் தெரிந்த பிறகே இடப்பக்கம் திரும்புங்கள்.

தாவினால் உண்மையில் எவ்வளவு நேரம் மிச்சம்

இரண்டு விளக்குகளுக்கு இடையே மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நிமிடம். இடமும் வலமும் தாவித் தாவி சராசரியாக 75 கிலோமீட்டர் வேகம் பிடித்தாலும் 2 நிமிடம் 24 நொடி. மிச்சம் 36 நொடி. அடுத்த விளக்கு சிவப்பாக இருந்தால் அந்த 36 நொடியும் அங்கே நின்றே கழியும், பின்னால் விட்டுவந்த கார் பக்கத்திலேயே வந்து நிற்கும். பச்சை முடியும் தறுவாயில் போய்ச் சேர்ந்தால் மட்டும் ஒரு சுற்று லாபம் கிடைக்கலாம். அது எப்போது என்று முன்கூட்டித் தெரியாது. லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வேனே என்று கேட்டவருக்கு என் பதில் இதில் இருக்கிறது. லோரியை முந்துங்கள், ஒரே ஒருமுறை, வலப்பக்கமாக, முழு பத்து நொடி எடுத்து. முந்தியதும் இடப்பக்கம் வந்துவிடுங்கள். அதற்குப் பெயர் தாவுதல் அல்ல.

சம்மன் ஏன், எந்தச் சட்டத்தில்

தடத்துக்குள் ஓடும் ஒவ்வொருவரும், பக்கத்து வண்டி தன் தடத்திலேயே இருக்கும் என்று நம்பித்தான் வேகத்தையும் இடைவெளியையும் வைத்துக்கொள்கிறார். முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவர் உள்ளே வந்தால், பின்னால் வருபவர் பிரேக் போட வேண்டும், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் அழுத்திப் போட வேண்டும். தாவினவர் இடிபடாமல் போய்விடலாம். அவருக்கு நான்கு வண்டி தள்ளி இரண்டு பேர் மோதியிருப்பார்கள். மோதல் நடக்காதபோதும் சட்டம் தலையிடுவது இதனால்தான்.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், எல்என் 166/59 என்று போலீஸ்காரர்கள் குறிப்பிடும் 1959-ஆம் ஆண்டு போக்குவரத்து விதிகளும். தொடர் கோட்டையோ சாலைக் குறியீட்டையோ மீறினால் சட்டத்தின் 79-ஆம் பிரிவு. நீதிமன்றத்தில் அபராதம் 300 வெள்ளியிலிருந்து 2,000 வெள்ளி வரை. கவனமின்றி ஓட்டுவது 43-ஆம் பிரிவு: 5,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. வேண்டுமென்றே இடைவெளிகளில் புகுந்து புகுந்து, மற்றவரைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் 42-ஆம் பிரிவுக்குப் போகலாம். அதில் ஐந்து ஆண்டு வரை சிறை, 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதம், உரிமமும் பறிபோகும். மோட்டாரில் வளைந்து நெளிந்து ஓட்டிக் காட்டும் பையன்கள் மீது பாய்வதும் பெரும்பாலும் இந்தப் பிரிவுதான். அன்றாடம் நமக்குக் கிடைக்கும் சம்மன் நீதிமன்றம் போகாமல் கட்டி முடிக்கும் வகை. அது பெரும்பாலும் 300 வெள்ளிக்குள் இருக்கும்.

யார் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். நிலையான கேமராக்கள் முக்கியமாக வேகத்தையும் சிவப்பு விளக்கு மீறலையும் பிடிக்கின்றன. பண்டிகைக் காலங்களில் ஜேபிஜே டிரோன் வைத்தும், பயணிபோலப் பேருந்தில் ஆள் அனுப்பியும் கண்காணிக்கிறது. போதாததற்கு இப்போது நிறைய கார்களில் டேஷ்கேம் இருக்கிறது. பொதுமக்களே பதிவைப் புகாராக அனுப்புகிறார்கள்.

சம்மனைவிடப் பெரிய செலவு

உரசல் நடந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். தடம் மாறியவர் அந்தத் தடத்தில் ஏற்கெனவே ஓடுகிறவருக்கு வழிவிட வேண்டியவர் என்பதால், விசாரணையில் தவறு பெரும்பாலும் அவர் பக்கமே வரும். 300 வெள்ளியோடு அது முடியாது. கோரிக்கை இல்லாததற்காகக் காப்புறுதியில் உங்களுக்கிருந்த என்சிடி கழிவு போய்விடும்.

ஒரு கணக்கு. அடிப்படை பிரிமியம் 1,000 வெள்ளி, உங்களுக்கு உச்சபட்சமான 55 விழுக்காடு கழிவு. இதுவரை 450 வெள்ளி கட்டினீர்கள். கோரிக்கைக்குப் பிறகு முதல் ஆண்டு கழிவு பூஜ்யம். அடுத்தடுத்த ஆண்டுகளில் 25, 30, 38.33, 45 என்று ஏறி, அதன் பிறகே மீண்டும் 55. அந்த ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டுவது 550, 300, 250, 167, 100. மொத்தம் 1,367 வெள்ளி. சேவை வரியை நான் சேர்க்கவில்லை.

மோட்டாரில் போகிறவர்களுக்கு

மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போகிறவர்கள். அதனால் இந்தப் பகுதியைத் தம்பிமார்கள் நின்று படிக்க வேண்டும்.

இடத் தடத்தில் போங்கள், ஆனால் ஓரத்தை உரசிக்கொண்டு போகாதீர்கள். ஓரத்தில் மணலும், லோரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழமும், தோட்டப் பாதையிலிருந்து சக்கரத்தில் ஒட்டிவந்த சேறும் கிடக்கும். தடத்துக்குள் காரின் இடது சக்கரம் ஓடும் கோட்டில் போனால் தரை சுத்தமாக இருக்கும், பின்னால் வருபவருக்கும் நீங்கள் தெரிவீர்கள். லோரியின் இடப்பக்கத்தில் மட்டும் ஒருபோதும் ஓடாதீர்கள். லோரியின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் லோரிக்காரருக்கு நீங்களும் தெரியவில்லை. சந்திப்பில் அது இடப்பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்வாங்கி வரும். அந்த இடத்தில் நிற்கும் மோட்டாருக்குத் தப்ப வழி இல்லை.

ஓடும் வண்டிகளுக்கு இடையே, கோட்டின் மேலேயே ஓட்டுவதையும் விட்டுவிடுங்கள். இரு பக்கத்து ஓட்டுநர்களும் தோளுக்கு மேல் பார்த்த பிறகு நீங்கள் அங்கே வந்து சேர்ந்திருப்பீர்கள்.

பின்னால் ஒருவர் விளக்கடித்தால்

நீங்கள் வலத் தடத்தில் முந்திக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு விளக்கடித்தால், பயந்து வேகத்தைக் கூட்டாதீர்கள், கோபத்தில் பிரேக்கும் தொடாதீர்கள். முந்தலை முடித்து, இடப்பக்கம் இடம் கிடைத்ததும் ஐந்து படிகளையும் செய்து விலகுங்கள். முந்த யாருமே இல்லாமல் வலத் தடத்தில் நீங்கள் ஓடிக்கொண்டிருந்தால் விலக வேண்டியவர் நீங்கள்தான். அங்கே உட்கார்ந்திருப்பவரால்தான் மற்றவர்கள் இடப்பக்கமாக முந்தத் தொடங்குகிறார்கள்.

மழை நேரம்

பிற்பகல் மழை தொடங்கிய முதல் சில நிமிடம் சாலை வழுக்கும். எண்ணெயும் செம்மண்ணும் நீரில் கலந்து மேலே வரும். உலர்ந்த சாலையில் முன் வண்டிக்கு இரண்டு நொடி இடைவெளி விட்டால், மழையில் நான்கு நொடி விடுங்கள். முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பித்து, நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வர எத்தனை நொடி என்று பார்த்தால் போதும்.

மழையில் நான்கு விளக்கையும் சேர்த்துச் சிமிட்டவிட்டு ஓட்டும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது எரியும்போது இடம் வலம் சிக்னல் வேலை செய்யாது. நீங்கள் தடம் மாறப் போவது யாருக்கும் தெரியாது. நீங்கள் நின்றுவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னால் வருபவர் திடீரென்று தடம் தாவுவார். முன் விளக்கைப் போட்டுக்கொண்டு இடத் தடத்தில் மெதுவாகப் போங்கள். சாலையே தெரியவில்லை என்றால் பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கி நிறுத்துங்கள்.

சம்மன் வந்திருக்கிறதா என்று பார்க்க

போலீஸ் சம்மனும் ஜேபிஜே சம்மனும் வெவ்வேறு. போலீஸ் சம்மனை MyBayar PDRM செயலியிலும், ஜேபிஜே சம்மனை MyJPJ செயலியிலும் பாருங்கள். ஒன்றில் ஒன்றும் இல்லை என்று வந்தால் மற்றதிலும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கார் உங்கள் பெயரில் இருந்து மகனோ தம்பியோ ஓட்டினாலும், வண்டி எண்ணை வைத்து எழுதிய சம்மன் உரிமையாளர் பெயருக்கே வரும். தவறு உங்களுடையது இல்லை என்றால் தொகையைக் கட்டாதீர்கள். கட்டுவது குற்றத்தை ஏற்றுக்கொண்டு முடித்துக்கொள்வதாகும். நீதிமன்றத்தில் விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு அன்றைய டேஷ்கேம் பதிவு தேவைப்படும். பெரும்பாலான டேஷ்கேம்கள் இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும் என்பதால், சம்பவம் நடந்த அன்றே அதைக் கைப்பேசிக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.